வாய் திறக்காத பாத்திரம்: செல்லுலார் சிறையின் கதையில் மௌனத்துக்கு இடம் குறித்தல்

போர்ட் பிளேரின் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) செல்லுலார் சிறை வளாகத்தில் இருட்டிய பின் நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சியில் நடிகர்கள் எவரும் தோன்றுவதில்லை. முற்றத்தில் நின்ற அரசமரம் தான் கண்டவற்றைச் சொல்வதாகக் கதை அமைக்கப்பட்டது. பல ஆண்டுகள் அந்த மரத்துக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் ஓம் புரி. எழுத்துப்படி என்ற கோணத்தில் பார்த்தால் இது துணிச்சலான தேர்வு. மரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. ஆனால் எதிலும் தலையிட முடியாது. சாட்சி சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. இந்தத் தேர்வு ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவருகிறது. எல்லாம் அறிந்த கதைசொல்லி எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும்?

இந்தச் சிறையைப் பற்றி எழுதப்படும் எந்த நாடகத்துக்கும், வானொலிச் சித்திரத்துக்கும், திரைக்கதைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மௌனத்தைப் பொதுவாக அழகியல் உத்தியாகவே பேசுகிறோம். செல்லுலார் சிறையின் வரலாற்றில் அது அதற்கு முன்பே வேறு மூன்று வடிவங்களில் வந்துவிடுகிறது: அரசு கைதிகள்மீது சுமத்திய மௌனமாக, கைதிகள் அரசுக்கு எதிராகக் கைக்கொண்ட மௌனமாக, பின்வந்தோர் சில இறப்புகளைப் பற்றிக் காத்த மௌனமாக. எழுத்துப்படியில் “மௌனம்” என்று அடைப்புக்குறிக்குள் எழுதுபவர் இவற்றுள் எதை எழுதுகிறார் என்பது அவருக்குத் தெளிவாக வேண்டும். ஒரு மௌனம் யாருக்கு உரியது என்று கேட்போர் அறியும் இடத்தில்தான் அது சொல்லைவிட அதிகம் செய்கிறது என்பதே இப்பதிவின் வாதம். உரியவர் யாரெனத் தெரியாத இடத்தில் அதே மௌனம் மறதியாகிவிடும்.

முதலில் இலக்கணம். தொல்காப்பிய எச்சவியல் பத்து வகை எச்சங்களைக் கூறுகிறது. பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என என்னும் ஏழும் பின்னால் வரும் ஏதோவொரு சொல்லால் முடிவு பெறுபவை. எஞ்சிய மூன்றான சொல், குறிப்பு, இசை ஆகியவற்றுக்கு அவ்வாறு வந்து முடிக்கும் கிளவி இல்லை என்றும், அவை தத்தம் குறிப்பினாலேயே எஞ்சிய பொருளை உணர்த்தும் என்றும் நூல் வேறுபடுத்துகிறது. நாடக எழுத்துக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படுவது. சில நிறுத்தங்கள் அடுத்து வரும் சொல்லுக்காகக் காத்திருப்பவை. வாக்கியம் தொடர்ந்ததும் அவை நிறைவுறும். வேறு சில நிறுத்தங்களுக்குப் பின் எந்தச் சொல்லும் வராது. அவற்றின் பொருள் முன்னரே சொல்லப்பட்டவற்றிலிருந்தும் சூழலிலிருந்தும் பிறக்க வேண்டும். எனவே இரண்டாம் வகை மௌனத்தை எழுதுவது என்றால், அதற்கு முன்னால் வரும் வரிகளை எழுதுவது என்றே பொருள்.

இதே உண்மையை உரையாடல் பகுப்பாய்வு வேறொரு வழியில் கண்டறிந்தது. ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, உரையாடலில் பேசும் முறை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்கியது. ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால் அடுத்த முறை கேட்கப்பட்டவருடையது. அதன்பின் வரும் மௌனம் இருவருக்கும் பொதுவானதன்று. கேட்கப்பட்டவரின் கணக்கில் மட்டுமே அது சேரும். “வருகிறாயா?” என்று கேட்டபின் எழும் ஒரு நொடி அமைதியில், யார் பேசவில்லை என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. அழைப்பு, ஆணை, குற்றச்சாட்டு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே எழுத்துப்படியில் மௌனத்துக்கு உரிமையாளரைத் தரும் எளிய வழி, அதற்கு முன் ஒரு கேள்வியையோ ஆணையையோ வைப்பதுதான். “அங்கே சோகமான அமைதி நிலவியது” என்று கதைசொல்லி அறிவிப்பதைவிட இது எத்தனையோ மடங்கு வலிமையானது.

இனி சிறைக்கு வருவோம். 1890இல் அந்தமான் தண்டனைக் குடியிருப்பை ஆராய்ந்த லயால், லெத்பிரிட்ஜ் ஆகியோர், நாடுகடத்தல் முன்புபோல் குற்றவாளிகளை அச்சுறுத்தவில்லை என்று முடிவுசெய்தனர். வந்து இறங்கும் கைதி முதலில் ஒரு கடுமையான தனிமைக் கட்டத்தைக் கடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். அந்தப் பரிந்துரையின் கட்டட வடிவமே செல்லுலார் சிறை. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அக்கட்டடத்தில், ஒரு நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு சிறகுகள் விரிந்தன. மூன்று தளங்களில் ஏறத்தாழ 690 கொட்டடிகள். ஒவ்வொன்றும் சுமார் 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்டது; காற்றுக்கான திறப்பு மூன்று மீட்டர் உயரத்தில். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்குமாறு அவை அமைக்கப்பட்டன. எதிரில் எந்தக் கைதியின் முகமும் தெரியாது. குரலும் சைகையும் சென்றடைய இடமில்லை. எச்சரிக்கை ஒலிக்க நடுக்கோபுரத்தில் பெரிய மணி ஒன்று இருந்தது. அதாவது அந்தக் கட்டடத்தில் ஒலி எழுப்பும் உரிமை நடுவில் இருந்தது; விளிம்புகளுக்கு அமைதி விதிக்கப்பட்டது.

ஆகவே இங்கே மௌனம் முதலில் ஆட்சியின் கருவி. இதை உணராத எழுத்துப்படி ஒரு வகையில் தவறும். சிறைக்குள் நடக்கும் காட்சிகளில் கைதிகள் ஒருவருக்கொருவர் நீண்ட வசனங்களைப் பரிமாறிக்கொள்வார்கள். கேட்பவர்கள் நெகிழ்வார்கள், ஆனால் இந்தச் சிறையை மற்றச் சிறைகளிலிருந்து பிரித்துக் காட்டிய தன்மை காணாமல் போயிருக்கும். ஒலி-ஒளிக் காட்சியின் வடிவம் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. 1952இல் பிரான்ஸின் ஷாம்போர் கோட்டையில் தொடங்கி, 1960களில் தில்லிச் செங்கோட்டைக்கும் பின்னர் மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கும் வந்த வடிவம் அது. மேடை நாடகத்தில் வசனம் நிற்கும்போது நடிகரின் உடல் மேடையில் இருக்கிறது. திரைப்படத்தில் முகம் இருக்கிறது. இங்கே இருப்பவை சுவரும் விளக்கும் மட்டுமே. குரல் நின்றால் எல்லாம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் எழுத்தாளர் இடைவெளி விடாமல் பேச்சால் நிரப்புகிறார். பேச்சு இல்லாத இடத்தை இசை வந்து நிரப்புகிறது. தனிமைச் சிறையின் கதை ஒரு நொடிகூட அமைதி இல்லாமல் சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது.

அரசு சுமத்திய மௌனத்தைக் கைதிகள் தம்முடையதாக மாற்றிக்கொண்ட தருணம் 1933 மே மாதம் வந்தது. அரசியல் கைதிகள் ஒழுங்கான உணவு, விளக்கு வெளிச்சம், படிக்கப் புத்தகம், செய்தித்தாள் போன்ற கோரிக்கைகளுடன் மே 12 அன்று உண்ணாவிரதம் தொடங்கினர். சிறை நிருவாகம் வலுக்கட்டாயமாக உணவு புகட்டியது. எதிர்த்துப் போராடும் கைதியைப் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூக்கு வழியாக ரப்பர்க் குழாய் செலுத்திப் பால் ஊற்றுவது அதன் முறை. லாகூர் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டவரும் பகத் சிங்கின் தோழருமான மகாவீர் சிங்குக்கு அவ்வாறு ஊற்றிய பால் நுரையீரலுக்குள் சென்றது. மே 17 அன்று அவர் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா என்ற வங்காளத்தைச் சேர்ந்த இருவரும் இறந்தனர். போராட்டம் 46 நாட்கள் நீடித்தபின் ஜூன் இறுதியில் முடிவுக்கு வந்தது. கோரிக்கைகளில் பல ஏற்கப்பட்டன. அந்தச் சிறையில் இருந்த விஜய் குமார் சின்ஹா 1939இல் வெளியிட்ட அந்தமான் நினைவு நூல் இக்காலத்துக்கான முதன்மையான சாட்சியங்களுள் ஒன்று.

எழுத்தாளர் இங்கே கவனிக்க வேண்டியது ஒரே ஒரு செய்தி. உண்ணாவிரதம் என்பது மூடிய வாய். வாயைத் திறக்க மறுப்பதே கைதியின் கூற்று. அதைத் திறக்க வைப்பதே அரசின் பதில். மூடிய வாயே பேச்சாக நின்ற நிகழ்வில், அந்த வாய்க்கு நாம் வசனம் எழுதித் தருவது நிகழ்வையே தலைகீழாக்குவது. வழக்கமான ஒரு வரைவு எப்படி அமையும் என்று பார்க்கலாம். கீழே உள்ள இரண்டு வரைவுகளும் விளக்கத்துக்காக நான் எழுதியவை. எந்தக் காட்சியிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

முதல் வரைவு:

கதைசொல்லி: வெள்ளையரின் கொடுமை எல்லை மீறியது. ஆனால் மகாவீர் சிங்கின் நெஞ்சுறுதியை அசைக்க முடியவில்லை.
மகாவீர் சிங்: என் உடலை நீங்கள் வெல்லலாம், என் உள்ளத்தை வெல்ல முடியாது!
(வீர இசை எழுந்து அடங்குகிறது.)
கதைசொல்லி: அந்தோ! அந்த மாவீரர் மண்ணுலகை நீத்தார்.

இதில் வரலாற்றுப் பிழை என்று எதையும் சட்டெனச் சுட்டிவிட முடியாது. ஆனாலும் கேட்டு முடித்தவருக்கு என்ன நடந்தது என்பது தெரியாது. குழாய் இல்லை, பால் இல்லை, நுரையீரல் இல்லை. இறந்தவரின் வாயில் நாம் எழுதிய வரி ஒன்று இருக்கிறது. இருட்டில், அவர் வாழ்ந்த கட்டடத்திலேயே அது ஒலிக்கும்போது, பார்வையாளர் அதைச் சான்றாகவே எடுத்துக்கொள்வார். “அந்தோ” என்ற சொல் பார்வையாளர் செய்ய வேண்டிய வேலையை அவருக்கு முன்பே செய்துவிட்டது.

இரண்டாம் வரைவு:

(எல்லா விளக்குகளும் அணைகின்றன. ஒரே ஒரு கொட்டடியில் மட்டும் வெளிச்சம்.)
கதைசொல்லி: 1933, மே மாதம். உண்ணாவிரதத்தின் ஆறாம் நாள்.
அதிகாரியின் குரல்: வாயைத் திற.
(மௌனம், 5 நொடி.)
அதிகாரியின் குரல்: வாயைத் திற.
(மௌனம், 8 நொடி.)
கதைசொல்லி: மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தினார்கள். பால் வயிற்றுக்குப் போகவில்லை. நுரையீரலுக்குப் போனது.
(மௌனம், 12 நொடி. எட்டாம் நொடியில் கொட்டடி விளக்கு அணைகிறது.)
கதைசொல்லி: அவர் பெயர் மகாவீர் சிங்.

அதிகாரியின் ஆணை இங்கும் கற்பனையே. ஆனால் அது எந்த மனிதரின் கருத்தாகவும் நினைவில் தங்காது. நடந்த செயலைப் பெயரிட்டுச் சொல்லும் அளவோடு அதன் வேலை முடிகிறது. முதலிரண்டு மௌனங்களும் யாருக்கு உரியவை என்பதை அந்த ஆணையே முடிவுசெய்துவிட்டது. ஆணைக்குப் பின் வரும் இடம் ஆணையிடப்பட்டவருடையது. ஆகவே கைதி மேடையில் இல்லாமலேயே, ஒரு சொல்லும் பேசாமலேயே அங்கே இருக்கிறார். அதே ஆணை மீண்டும் வரும்போது, முதல் மௌனம் மறுப்பு என்பது உறுதியாகிறது. ஒருமுறை மட்டும் வைத்திருந்தால், ஒலிப்பதிவில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று எண்ண வாய்ப்பு உண்டு.

மூன்றாம் மௌனத்தின் இயல்பு வேறு. அதற்கு முன் கேள்வியோ ஆணையோ இல்லை. ஒரு செய்தி இருக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டவர் பார்வையாளர். எனவே அந்தப் பன்னிரண்டு நொடிகளும் அவருடையவை. இங்கே முக்கியமான ஒரு வரம்பு தெரிகிறது. பால் நுரையீரலுக்குள் போனது என்ற செய்தியை எந்த மௌனமும் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லால்தான் சொல்ல வேண்டும், அதுவும் அடைமொழி இல்லாத எளிய சொல்லால். செய்தி வந்து சேர்ந்தபின் அதன் எடையைத் தாங்குவதே மௌனத்தால் முடிந்த வேலை. செய்தியைச் சொல்லாமல் மௌனத்தை மட்டும் வைக்கும் எழுத்தாளர், பார்வையாளருக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும் என்று நம்புகிறார். சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கி வந்து அமர்ந்திருக்கும் ஒருவருக்கு 1933 தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நொடிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழலாம். சாதாரண உரையாடலில் ஏறத்தாழ ஒரு நொடியைத் தாண்டும் மௌனத்தையே மக்கள் சிக்கலின் அறிகுறியாக உணர்ந்து ஏதேனும் சொல்லி நிரப்ப முனைகிறார்கள் என்பது ஜெஃபர்சன் கவனித்தது. ஒலிப்பதிவில் கேட்கும் கதைசொல்லல் அதைவிட மெதுவானது. அங்கே ஓரிரு நொடி நிறுத்தம் மூச்சு வாங்குவதாகவே கேட்கும். எனவே வேண்டுமென்றே வைத்த மௌனம் என்று உணரப்படுவதற்கு அது மூச்சின் அளவைத் தெளிவாகக் கடந்தாக வேண்டும். ஆணைக்குப் பின் ஐந்து நொடி என்பது அவ்வாறு கடந்த அளவு. இரண்டாம் முறை எட்டாக நீள்வது, காத்திருப்பவரின் பொறுமை தீர்ந்துகொண்டிருப்பதைக் காட்டும். இவை சட்டங்கள் அல்ல. ஒத்திகையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டு, கூட்டியும் குறைத்தும் முடிவுசெய்ய வேண்டியவை. தாளில் “சிறிது மௌனம்” என்று எழுதினால், ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பெரும்பாலும் ஒன்றரை நொடியாகச் சுருங்கிவிடும். எண் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த இடம் தப்பிக்கும்.

திறந்தவெளியில் இன்னொன்றும் நடக்கிறது. அரங்கத்துக்குள் மௌனம் என்பது ஏறத்தாழ ஒலியின்மை. சிறை முற்றத்தில் அப்படி இல்லை. அட்லாண்டா முனையில், கடலை ஒட்டிய மேட்டில் நிற்கிறது அந்தக் கட்டடம். ஒலிபெருக்கி நின்றதும் காற்றும் பூச்சிகளின் ஒலியும் பின்வரிசைக் குழந்தையின் இருமலும் கேட்கத் தொடங்கும். ஷாம்போரில் முதல் ஒலி-ஒளிக் காட்சி நடந்த அதே 1952இல், அமெரிக்காவின் வுட்ஸ்டாக்கில் ஜான் கேஜின் புகழ்பெற்ற மௌனப் படைப்பு அரங்கேறியது. பியானோ கலைஞர் டேவிட் டியூடர் நான்கரை நிமிடம் எதையும் வாசிக்காமல் அமர்ந்திருக்க, பின்புறம் திறந்திருந்த அந்தக் கூடத்தில் காற்றும் மழைத்துளியும் மக்களின் முணுமுணுப்பும் கேட்டன. ஒலிப்பவர் நிறுத்தும்போது இடம் ஒலிக்கத் தொடங்குகிறது என்பதை அது காட்டியது. செல்லுலார் சிறையில் இது இரட்டிப்புப் பொருள் பெறும். ஒலிப்பதிவில் சேர்க்கப்படும் அலையோசை ஒரு விளைவொலி. ஒலிபெருக்கி அணைந்தபின் வரும் ஓசை அந்த மண்ணுடையது. அந்தப் பன்னிரண்டு நொடிகளில் 1933இலிருந்து பார்வையாளரைத் தன் இருக்கைக்கும், எதிரே இன்னும் நிற்கும் சுவருக்கும் அது கொண்டுவந்து சேர்க்கிறது.

ஆனால் டியூடர் ஒரு செயலையும் செய்தார். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் பியானோவின் மூடியை மூடித் திறந்தார். மௌனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அதுவே எல்லைக்கோடு. அந்த எல்லை இல்லாவிட்டால் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே: யாரோ கைதட்டுவார்கள், யாரோ கைப்பேசி விளக்கை எரியவிடுவார்கள், “கரண்ட் போச்சா?” என்ற குரல் எழும். ஒலி-ஒளிக் காட்சியில் அந்த மூடியின் வேலையை விளக்கு செய்ய வேண்டும். மேலே உள்ள வரைவில் கொட்டடி விளக்கு மௌனத்தின் தொடக்கத்தில் எரிந்துகொண்டிருந்து, எட்டாம் நொடியில் அணைவது அதற்காகவே. ஒளியில் ஒரு மாற்றம் நிகழ்வதால் இயக்குபவர் விழித்திருக்கிறார், இது பழுது இல்லை என்பது எல்லாருக்கும் புரியும். எனவே இந்த வடிவத்தில் மௌனத்தை ஒலிப் பத்தியில் மட்டும் எழுதினால் போதாது. அதே நொடிக்கு நேராக ஒளிப் பத்தியிலும் ஒரு குறிப்பு வேண்டும்.

இதுவரை சொன்னவை மௌனத்தின் பக்கம் நின்று சொன்னவை. அதே சிறையின் அடுத்த பத்தாண்டில் நடந்த வேறொரு நிகழ்வு, எங்கே மௌனம் கூடாது என்பதைக் காட்டுகிறது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் இந்தியக் கொடியை ஏற்றினார். அந்த நாட்களில், உள்ளூர் இந்திய சுதந்திர லீகுடன் தொடர்புடைய மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் உளவுக் குற்றச்சாட்டின்பேரில் அதே செல்லுலார் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகிக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஜனவரி 30 அன்று, லீகைச் சேர்ந்த 44 பேர் அதே வகைக் குற்றச்சாட்டில் சிறையிலிருந்து ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பிரிட்டிஷ் கொடுமையில் தொடங்கி 1943ஆம் ஆண்டுக் கொடியில் முடியும் கதைக்கு அழகான வளைவு உண்டு. அந்த வளைவைக் காக்க விரும்பும் எழுத்தாளர் கொடிக் காட்சிக்குப் பின் நீண்ட மௌனம் ஒன்றை வைத்து, அடுத்து 1947க்குத் தாவலாம். கேட்பவர் அந்த மௌனத்தைப் பெருமிதமாகவே எடுத்துக்கொள்வார். ஒரு மாதத்துக்குள் நடந்த அந்த இறப்புகளைப் பற்றி எந்த வரியும் முன்னால் இல்லாததால், மௌனம் அவற்றை நோக்கித் திரும்ப வழியே இல்லை. எழுத்தாளர் தம் மனத்துக்குள் அந்த 44 பேருக்கும் சேர்த்தே அந்த மௌனத்தை வைத்திருக்கலாம். ஆனால் அது எவரையும் சென்றடையாது. எதிர்பார்ப்பு எழுப்பப்படாத இடத்தில் இல்லாமை கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாட்காட்டியில் தற்செயலாக அமைந்த ஒன்று இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஹம்ஃப்ரிகஞ்ச் படுகொலை நடந்து சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1948 ஜனவரி 30 அன்று காந்தி கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்நாளில் காலை 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கப்படுகிறது. அந்தமானிலும் அதே நாள், அதே இரண்டு நிமிடம். ஒலியளவில் அந்த இரண்டு நிமிடத்துக்கும் வேறு எந்த அமைதிக்கும் வேறுபாடு கிடையாது. அது காந்திக்கு உரியது என்பதை அதற்கு முன் சொல்லப்படும் சொற்களே முடிவுசெய்கின்றன. 44 பேருக்கு உரியதாக அதை ஆக்க வேண்டுமென்றால், முன்னால் வேறு சொற்கள் வேண்டும். ஆகவே ஹம்ஃப்ரிகஞ்சை எழுதுபவர் முதலில் செய்ய வேண்டியது பேசுவது: நாள், இடம், குற்றச்சாட்டு, எண்ணிக்கை, ஆணையிட்டது எந்த அரசு. மகாவீர் சிங்கின் காட்சியில் சொற்கள் குறையக் குறைய உண்மை தெளிந்தது. இங்கே சொற்கள் குறைந்தால் நிகழ்வே மறைந்துவிடும். முன்னதில் மௌனம் இறந்தவரின் செயல். பின்னதில் அது நம்முடைய வசதி.

எனவே எழுத்துப்படியைத் திருத்தும்போது, மௌனம் குறித்துள்ள ஒவ்வோர் இடத்திலும் இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். முதலாவது, மௌனத்துக்குப் பின் வரும் வரியை நீக்கிவிட்டுப் படிப்பது. பொருள் குறையவில்லை என்றால் மௌனமே தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த வரி வெறும் விளக்கம், நீக்கலாம். மேலே உள்ள இரண்டாம் வரைவில் கடைசி வரியை நீக்கினால் இறந்தவர் பெயரற்றவராகிவிடுகிறார். ஆகவே அந்த வரி நிற்க வேண்டும். இரண்டாவது, மௌனத்துக்கு முன் வரும் வரிகளை மட்டும், நிகழ்வை அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, “இப்போது யார் பேசாமல் இருக்கிறார்?” என்று கேட்பது. “கைதி” என்றோ “நான்” என்றோ பதில் வந்தால் அந்த இடம் சரியானது. “தெரியவில்லை” என்றோ, “கதை முடிந்துவிட்டதா?” என்றோ பதில் வந்தால், அந்த இடத்துக்கு இன்னும் சில சொற்கள் தேவைப்படுகின்றன.

அந்தச் சிறையின் ஏழு சிறகுகளில் இன்று மூன்றே நிற்கின்றன. எஞ்சியவை இடிக்கப்பட்டு, வளாகத்தின் ஒரு பகுதியில் மருத்துவமனை இயங்குகிறது. ஒலி-ஒளிக் காட்சியின் விளக்கு நிற்கும் சுவர்கள்மீதுதான் விழ முடியும். இல்லாத நான்கு சிறகுகளின்மீது ஒளி பாய்ச்ச வழியில்லை. அங்கே நான்கு சிறகுகள் இருந்தன என்று யாரேனும் ஒருவர் முதலில் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதன்பிறகு விளக்கை இருட்டுக்குத் திருப்பினால், பார்வையாளர் அந்த இருட்டில் எதைத் தேடுவது என்று அறிந்திருப்பார்.